தேடலில் வராத முந்திரி: லிஸ்டிங் எச்சரிக்கையின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

பண்ருட்டி முந்திரியைப் பாக்கெட் போட்டு அமேசானில் விற்கும் சிறு வியாபாரிகளிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சரக்கு கையில் இருக்கிறது, விலையும் மாற்றவில்லை, போன வாரம்வரை ஆர்டர் வந்தது. இப்போது திடீரென்று நின்றுவிட்டது. என்ன ஆச்சு?" விற்பனையாளர் கணக்கைத் திறந்து பார்த்தால் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் "Search Suppressed" என்று இருக்கும். இல்லையென்றால் லிஸ்டிங் தரம் குறைவு, சில விவரங்கள் இல்லை என்று ஒரு எச்சரிக்கை இருக்கும்.

காலியாக இருக்கும் கட்டங்களை நிரப்பினால் எச்சரிக்கை போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் எச்சரிக்கை போனதும் லிஸ்டிங் சரியாகிவிட்டது என்று நினைப்பதில்தான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டத்தில் ஏதாவது இருக்கிறதா, அது கேட்ட வடிவத்தில் இருக்கிறதா என்பதைத்தான் அந்தச் சோதனை முதலில் பார்க்கிறது. எழுதியது பாக்கெட்டில் அச்சாகியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்பதை அது அந்த நொடியில் பார்ப்பதில்லை. அதை அப்புறம் வாங்குபவர் பார்ப்பார், கிடங்கில் பார்ப்பார்கள், சில சமயம் அதிகாரியும் பார்ப்பார்.

இதை ஒரு கற்பனைக் கடையை வைத்துப் பார்க்கலாம். புதுச்சேரி வில்லியனூரில் ஒரு சிறு பேக்கிங் கடை. பண்ருட்டியில் உடைத்துத் தோல் நீக்கிய முழுப் பருப்பை, W240 ரகத்தை, வாங்கிவந்து 250 கிராம் பாக்கெட்டாகப் போடுகிறார்கள். அமேசானில் இரண்டு லிஸ்டிங் வைத்திருக்கிறார்கள்: ஒரு பாக்கெட் 290 ரூபாய், அதே பாக்கெட் நான்கு சேர்ந்த கட்டு 1,120 ரூபாய். ஒற்றைப் பாக்கெட் தேடலில் வரவில்லை. நான்கு பாக்கெட் கட்டு தேடலில் வருகிறது, ஆனால் தர எச்சரிக்கையோடு. கடையில் யாரும் எதையும் தொடவில்லை.

முதலில் எது நடந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்

விற்பனை நின்றதுமே எல்லாவற்றையும் "சப்ரஸ் ஆகிவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். அதற்குள் வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

தேடலில் மறைக்கப்பட்ட பொருளுக்குப் பக்கம் உயிரோடுதான் இருக்கும். அமேசான் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் ASIN எண்ணைப் போட்டு நேரடி முகவரியைத் திறந்தால் பக்கம் வரும். அதே எண்ணை மேலே தேடல் பெட்டியில் போட்டால் வராது. இந்த இரண்டையும் விற்பனையாளர் கணக்கில் நுழையாத ஒரு கைபேசியிலிருந்து செய்து பார்த்தாலே பாதி விஷயம் தெளிந்துவிடும். பக்கமே திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. பொருளின் பக்கத்தையே எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குக் காரணம் ஆவணமாக இருக்கலாம், கொள்கை மீறலாக இருக்கலாம். காலிக் கட்டங்களை நிரப்பி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தேடலிலும் வருகிறது, பக்கமும் திறக்கிறது, ஆனால் வாங்கும் பொத்தான் மட்டும் இல்லை என்றால், விலையையோ சரக்கு இருப்பையோ அந்தப் பின்கோடுக்கு டெலிவரி உண்டா என்பதையோ பார்க்க வேண்டும். அங்கேயும் விவரக் கட்டங்களுக்கு வேலை இல்லை.

நான்காவது நிலை வெறும் எச்சரிக்கை. பொருள் விற்பனையில் இருக்கும், தேடலிலும் வரும். ஆனால் இடது பக்க வடிகட்டியில் வாங்குபவர் ஏதாவது ஒன்றை, உதாரணமாக எடையை, தேர்ந்தெடுத்ததும் அந்தக் கட்டம் காலியாக இருக்கும் பொருள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். இந்த இழப்பு விற்பனையாளர் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் "ஆக்டிவ் என்றுதானே காட்டுகிறது" என்று பல மாதங்கள் விட்டுவிடுகிறார்கள்.

வில்லியனூர் கடையின் ஒற்றைப் பாக்கெட் முதல் நிலையில் இருக்கிறது. நேரடி முகவரியில் திறக்கிறது, தேடலில் இல்லை. "Manage All Inventory" பக்கத்தில் தேடலில் மறைக்கப்பட்டவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் காரணமும் கூடவே வரும். அங்கே ஒரே வரி இருந்தாலும் அதோடு நின்றுவிடக் கூடாது. முதன்மைப் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இல்லாதது, தலைப்பு 200 எழுத்தைத் தாண்டியது போன்றவையும் தேடலில் மறைக்கப்படுவதற்குக் காரணமாகலாம். பாக்கெட்டைக் கடை மேசையில் வைத்து, சுற்றிலும் முந்திரியைச் சிதறவிட்டு எடுத்த அழகான படம் முதன்மைப் படமாக இருந்தால், எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பிறகும் பொருள் வெளியே வராது. இந்தக் கடையில் படம் சரியாகவே இருக்கிறது, விவரக் கட்டங்கள்தான் குறை என்று வைத்துக்கொள்வோம்.

தொடாத லிஸ்டிங் ஏன் கெடுகிறது

ஒவ்வொரு பொருளுக்கும் கேட்டலாக்கில் ஒரு "Product Type" உண்டு. எந்தக் கட்டம் கட்டாயம், எது விருப்பம், எதில் என்ன மதிப்பு எழுதலாம் என்பதையெல்லாம் அந்த வகைதான் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டாயப் பட்டியல் நிலையானது அல்ல. நேற்றுவரை விருப்பமாக இருந்த ஒரு கட்டத்தை இன்று கட்டாயமாக்கினால், நேற்று முழுமையாக இருந்த லிஸ்டிங் இன்று குறையுள்ளதாகிவிடும். அதற்கு முன்னறிவிப்பு மின்னஞ்சலில் வரும், கணக்கின் உள்ளேயும் வரும். விளம்பர மின்னஞ்சல்களோடு சேர்ந்து அது படிக்கப்படாமலே போய்விடுவதுதான் வழக்கம்.

உணவுப் பாக்கெட்டுகளில் இந்தப் பட்டியல் நீளமாக இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2011-இல் வந்த பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2017-இல் திருத்தப்பட்டன, அந்தத் திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாக்கெட்டின் மேல் அச்சாக வேண்டிய தகவல்களில் பெரும்பாலானவற்றை இணையத்தில் விற்கும்போது திரையிலும் காட்ட வேண்டும் என்று அந்தத் திருத்தம் சொன்னது. தயாரிப்பாளர் அல்லது பேக்கர் பெயரும் முகவரியும், பொருளின் பொதுப் பெயர், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இதில் அடங்கும். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் தயாரிப்பு நாட்டையும் வலியுறுத்தின. அதனால் தளம் இந்தக் கட்டங்களைக் கேட்பதை வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். கடையில் ஒருவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்வதைத் திரையில் பார்ப்பவருக்கும் தர வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

வகையே தவறாக இருப்பதும் நடக்கும். முந்திரியைப் பரிசுப் பெட்டி வகையிலோ பொதுவான மளிகை வகையிலோ ஆரம்பத்தில் போட்டிருந்தால், தளம் கேட்கும் கட்டங்கள் உங்கள் பொருளுக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கும். கேட்கும் கேள்விகளில் பாதி பொருந்தவில்லை என்று தோன்றினால், நிரப்ப ஆரம்பிக்கும் முன் வகையைச் சரிபாருங்கள். தவறான வகையில் இருபது கட்டம் நிரப்பிவிட்டு அப்புறம் வகையை மாற்றினால் அந்த உழைப்பில் பெரும்பகுதி வீண்.

பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். கணினி முன் உட்காரும்போது பாக்கெட் கையில் இருக்க வேண்டும். நினைவிலிருந்தோ, அதே பொருளை விற்கும் இன்னொருவர் பக்கத்தைப் பார்த்தோ நிரப்பக் கூடாது. லேபிளில் இல்லாத ஒரு தகவலைக் கட்டம் கேட்டால், முதலில் அது ஏன் லேபிளில் இல்லை என்று பாருங்கள். சில சமயம் திருத்த வேண்டியது லேபிளாகவே இருக்கும்.

வில்லியனூர் கடைக்கு அதிகம் தொல்லை கொடுக்கப்போவது அளவுக் கட்டம். "Unit Count", "Unit Count Type" என்று இரண்டு கட்டங்கள் ஜோடியாக வரும். முதலாவதில் எண், இரண்டாவதில் அலகு. இந்த இரண்டையும் வைத்துத்தான் விலைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 100 கிராமுக்கு இவ்வளவு ரூபாய் என்ற கணக்கைத் தளம் காட்டுகிறது. ஒற்றைப் பாக்கெட்டுக்கு எண் 250, அலகு `Gram`. 290 ரூபாய்க்கு 100 கிராம் 116 ரூபாய் என்று வரும். இது எளிது.

நான்கு பாக்கெட் கட்டில்தான் குழப்பம். பலர் அங்கேயும் 250 என்று போடுவார்கள், பாக்கெட்டில் அப்படித்தானே இருக்கிறது என்று. ஆனால் இந்தக் கட்டம் கேட்பது வாங்குபவர் கைக்கு மொத்தமாக எவ்வளவு போகிறது என்பதை. அதாவது 1000 கிராம். எத்தனை பாக்கெட் என்பதற்கு "Number of Items" என்று தனிக் கட்டம் இருக்கிறது, அங்கே 4. சரியாகப் போட்டால் 1,120 ரூபாய்க்கு 100 கிராம் 112 ரூபாய். ஒற்றைப் பாக்கெட்டைவிட நான்கு ரூபாய் மலிவு என்று வாங்குபவருக்கு உடனே தெரியும். கட்டு விற்பதே அதற்காகத்தான். 250 என்று போட்டால் அதே கட்டு 100 கிராம் 448 ரூபாய் என்று காட்டும். தேடல் பட்டியலில் பக்கத்திலேயே 116 ரூபாய் என்று ஒன்று நிற்கும்போது இதை யாரும் தொடமாட்டார்கள். 1 என்று போட்டு அலகை `Count` என்று தேர்ந்தெடுத்தால் ஒரு எண்ணிக்கைக்கு 1,120 ரூபாய் என்று வரும், அதை வைத்து வாங்குபவரால் எதையும் ஒப்பிட முடியாது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மூன்று விதமாக நிரப்பினாலும் எச்சரிக்கை மறைந்துவிடும். மூன்றிலும் கட்டம் காலியாக இல்லை, எண்ணும் அலகும் கேட்ட வடிவத்தில் இருக்கின்றன. சரிசெய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு கடைக்காரர் போய்விடுவார். அந்த 448 ரூபாய் மட்டும் தேடல் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். அதனால் திருத்திய பிறகு ஒருமுறை வாங்குபவர் கண்ணோடு தேடல் பட்டியலைப் பார்த்து, 100 கிராம் விலையைக் கையால் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்தது தயாரிப்பாளரும் பேக்கரும். கடலூர் மாவட்டத்துப் பருப்பு புதுச்சேரியில் பாக்கெட்டாகும்போது இது நிஜமான கேள்வி ஆகிவிடுகிறது. உடைத்துத் தோல் நீக்கியது பண்ருட்டியில் ஒரு ஆலை, பாக்கெட் போட்டது வில்லியனூர் கடை. இரண்டும் வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ் வருகின்றன, ஒன்று தமிழ்நாடு, இன்னொன்று யூனியன் பிரதேசம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் அல்லது பதிவு இடத்தோடு கட்டப்பட்டது. பண்ருட்டி ஆலையின் எண் வில்லியனூரில் நடக்கும் பேக்கிங்குக்குப் பொருந்தாது. ஆனாலும் பலர் மூட்டையோடு வந்த பில்லில் இருக்கும் ஆலையின் எண்ணை எடுத்துக் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். 14 இலக்கம் இருக்கிறது, அதனால் தளம் ஏற்றுக்கொள்கிறது. அப்புறம் பாக்கெட்டின் பின்பக்கப் படத்தில் வேறு எண் இருப்பதை யாராவது கவனித்து ஆவணம் கேட்டால், பக்கமே எடுக்கப்படும் நிலைக்குப் போய்விடலாம். லேபிளில் பேக்கராக யார் பெயர் இருக்கிறதோ, அதே பெயர், அதே முகவரி, அதே இடத்துக்கான எண் என மூன்றும் ஒன்றாகப் போக வேண்டும். அந்த எண் 1-இல் தொடங்கினால் லைசென்ஸ், 2-இல் தொடங்கினால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. எது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆவணம் கேட்கும்போது எந்தச் சான்றிதழை அனுப்புவது என்று தடுமாற வேண்டியிருக்காது.

தயாரிப்பு நாடு என்ற கட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பண்ருட்டி ஆலைகளில் உள்ளூர்க் கொட்டை மட்டும் உடைபடுவதில்லை, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் கொட்டையும் உடைபடுகிறது. வாங்கும் பருப்பு எந்தக் கொட்டையிலிருந்து வந்தது, லேபிளில் நாடு என்னவென்று போட வேண்டும் என்பதை ஆலையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் லேபிளில் இருப்பதையே கட்டத்திலும் போடுங்கள். லேபிள் ஒன்று, திரை ஒன்று என்று இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஆயுள் காலக் கட்டத்தில் நடக்கும் தவறு மிகச் சிறியது, விளைவு பெரியது. லேபிளில் பேக்கிங் தேதியிலிருந்து ஆறு மாதம் என்று இருக்கும். கட்டம் நாட்களில் கேட்கும். கடைக்காரர் 6 என்று போட்டுவிடுவார். இப்போது கேட்டலாக்கைப் பொறுத்தவரை அந்த முந்திரி ஆறே நாளில் காலாவதியாகும் பொருள். சொந்தமாக அனுப்பும்வரை இது தெரியாது. தளத்தின் கிடங்குக்குச் சரக்கு அனுப்ப ஆரம்பித்தால்தான் வெடிக்கும், ஏனென்றால் அங்கே மிச்சமிருக்கும் ஆயுளைப் பார்த்துத்தான் சரக்கை ஏற்கிறார்கள். ஆறு மாதம் என்றால் 180 என்று போட வேண்டும்.

சேர்மானப் பொருள்களைக் கேட்கும் கட்டத்தில் "முந்திரி" என்ற ஒரே சொல் போதும். மரக்கொட்டை ஒவ்வாமை எச்சரிக்கை உணவு லேபிள் விதிப்படி பாக்கெட்டில் இருக்க வேண்டியது, அதையும் அதற்கான கட்டத்தில் போட்டுவிடுங்கள். வரிக்கான எச்.எஸ்.என். எண்ணில் வறுக்காத பருப்புக்கு 0801 தலைப்பு, வறுத்து உப்புப் போட்டதற்கு 2008. நாளை மசாலா முந்திரி லிஸ்டிங் ஒன்று போடும்போது பழையதை அப்படியே நகலெடுத்தால் இந்த எண்ணும் கூடவே வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

விருப்பக் கட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தரப் புள்ளியைக் கூட்ட வேண்டும் என்ற ஆசையில், தளம் பரிந்துரைக்கும் கட்டங்களையெல்லாம் நிரப்புகிறார்கள். எடை, ரகம், பாக்கெட் வகை, உப்பு உண்டா இல்லையா போன்றவற்றை நிரப்புவது நல்லதுதான், வடிகட்டியில் பயன்படும். ஆனால் சிறப்பம்சம் என்ற கட்டத்தில் இறங்கும் பட்டியலிலிருந்து `Organic` என்பதைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. நம் ஊர் முந்திரிக்கு யார் மருந்தடிக்கிறார்கள் என்று சொல்லிப் பயனில்லை. 2017-ஆம் ஆண்டு இயற்கை உணவு ஒழுங்குமுறைப்படி, சான்றிதழ் இல்லாமல் பாக்கெட் உணவை அப்படி அழைத்து விற்க முடியாது. விருப்பக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஒரு மஞ்சள் எச்சரிக்கை நிற்கும், அவ்வளவுதான். பொய்யாக நிரப்பினால் பக்கமே போகலாம். காலியாக விடுவதே சரியான பதிலாக இருக்கும் கட்டங்களும் உண்டு.

ஏற்றும் முறையில் வரும் சேதம்

இரண்டு மூன்று பொருள் என்றால் ஒவ்வொன்றாக "Edit" பக்கத்தில் திறந்து நிரப்புவதுதான் பாதுகாப்பு. ஐம்பது அறுபது பொருள் என்றால் எக்ஸெல் டெம்ப்ளேட் வேண்டும். அதில்தான் பெரிய சேதம் நடக்கிறது.

டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு வரிக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு நெடுவரிசை இருக்கும். `Edit (Partial Update)` என்று தேர்ந்தெடுத்தால், நீங்கள் நிரப்பிய கட்டங்கள் மட்டும் மாறும், காலியாக விட்டவை பழையபடியே இருக்கும். `Create or Replace (Full Update)` என்று விட்டால், காலியாக விட்ட கட்டங்களில் முன்பு இருந்த தகவலும் அழிந்துவிடும். விடுபட்ட அளவுக் கட்டத்தை மட்டும் நிரப்பி, இந்த நெடுவரிசையைக் கவனிக்காமல் ஏற்றியவர்களுக்கு, விவரிப்பும் புள்ளிக் குறிப்புகளும் போய், ஒரு எச்சரிக்கை இருந்த இடத்தில் ஐந்தாறு எச்சரிக்கை வந்து நிற்கும். அதனால் எதை ஏற்றும் முன்பும் இப்போதைய தகவலை "Category Listings Report" ஆக இறக்கி, தேதி போட்டு ஒரு நகல் பத்திரப்படுத்துங்கள். முதலில் ஒரே ஒரு வரியை ஏற்றிப் பார்த்து, அது சரியாகப் போனபின் மீதியை ஏற்றுங்கள்.

அலகுகளையும் நீங்களாக எழுதக் கூடாது. டெம்ப்ளேட்டில் "Valid Values" என்று ஒரு தாள் இருக்கும், அதிலிருந்து அப்படியே எடுக்க வேண்டும். `gms` என்று எழுதினால் மனிதருக்குப் புரியும், தளத்துக்குப் புரியாது.

ஏற்றி முடித்ததும் வரும் "Processing Report" கோப்பைக் கட்டாயம் திறந்து படியுங்கள். எத்தனை வரி ஏற்றப்பட்டது என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். பிழை என்று குறித்த வரியில் மாற்றம் போய்ச் சேரவில்லை. எச்சரிக்கை என்று குறித்ததில் வரி ஏற்கப்பட்டிருக்கும், ஆனால் ஏதோ ஒரு கட்டம் கைவிடப்பட்டிருக்கலாம். விடுபட்ட கட்டத்துக்கு வழக்கமாக வரும் பிழை இப்படி இருக்கும்:

```
90220: 'Unit Count' is required but not supplied.
```

இது நேரடியானது, பெயர் சொல்லிக் கேட்கிறது, நிரப்பினால் முடிந்தது. 8541 என்ற பிழை அப்படி அல்ல. நீங்கள் அனுப்பிய தகவலும் அந்த ASIN-இல் ஏற்கெனவே இருக்கும் தகவலும் முரண்படுகின்றன என்று அது சொல்கிறது. கேட்டலாக்கில் ஒரு பொருளின் பக்கம் ஒரே விற்பனையாளருக்குச் சொந்தம் அல்ல. அதே பக்கத்தில் விற்கும் வேறொருவரோ பிராண்டின் உரிமையாளரோ கொடுத்த மதிப்பு முன்னால் நிற்கலாம். உங்கள் படிவத்தில் 1000 என்று அழகாகப் பதிவாகியிருக்கும், பொருளின் பக்கத்தில் மட்டும் 250 என்றே காட்டும். படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது புரியவே புரியாது. வாங்குபவர் பார்க்கும் பக்கத்தில், பொருள் விவரம் என்ற பகுதியில் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். அங்கே மாறவில்லை என்றால் திரும்பத் திரும்ப ஏற்றிப் பயனில்லை. நிகர எடையும் எத்தனை பாக்கெட் என்பதும் தெளிவாகத் தெரியும்படி பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து, ASIN எண், எந்தக் கட்டம், இப்போதைய மதிப்பு, சரியான மதிப்பு என்று நான்கையும் எழுதி விற்பனையாளர் உதவிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். "என் லிஸ்டிங் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் திரும்பி வரும்.

உங்கள் பொருளே வேறு, தவறான பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் 8541-க்குக் காரணமாக இருக்கலாம். நான்கு பாக்கெட் கட்டை ஒற்றைப் பாக்கெட்டின் பார்கோடோடு ஏற்றியிருந்தால் இப்படித்தான் ஆகும். அப்போது மதிப்பை மாற்றச் சொல்லிச் சண்டை போடக் கூடாது, மாற்றினால் ஒற்றைப் பாக்கெட் விற்பவருடைய பக்கம் கெட்டுவிடும். கட்டுக்குத் தனி அடையாள எண்ணோடு தனிப் பக்கம் உருவாக்குவதுதான் வழி.

திரும்பி வந்ததா என்று பார்ப்பது

திருத்தம் உடனே தெரியாது. சில கட்டங்கள் சில நிமிடங்களில் மாறும். தேடலில் திரும்ப வருவதற்கு ஒரு நாள்வரை ஆகலாம். அந்த இடைவெளியில் பதற்றத்தில் இன்னொரு கோப்பை ஏற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். ஒருமுறை ஏற்றிவிட்டு அடுத்த நாள் பாருங்கள்.

வில்லியனூர் கடையில் வரிசை இப்படி அமையும். ஒற்றைப் பாக்கெட்டின் ASIN எண்ணைத் தேடல் பெட்டியில் போட்டுப் பார்ப்பது முதல் சோதனை. வந்துவிட்டால், பிராண்டின் பெயரோடு "முந்திரி 250 கிராம்" என்று சாதாரணமாகத் தேடிப் பார்க்க வேண்டும். அப்புறம் எடை வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகும் பொருள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு பாக்கெட் கட்டில் 100 கிராம் 112 ரூபாய் என்று காட்டுகிறதா என்பது அடுத்தது. பக்கத்தில் பேக்கர் முகவரி வில்லியனூர் என்று வருகிறதா, பண்ருட்டி ஆலையின் முகவரி நுழைந்துவிட்டதா என்பது கடைசி. ஒரு நாள் கழித்தும் ASIN தேடலில் வரவில்லை, கட்டங்கள் எல்லாம் பக்கத்தில் சரியாகத் தெரிகின்றன என்றால், காரணம் கட்டங்களில் இல்லை. படத்துக்கும் தலைப்புக்கும் திரும்புங்கள். அங்கேயும் குறை இல்லை என்றால், கணக்கில் அந்தப் பொருளுக்கு ஆவணம் ஏதாவது கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று "Account Health" பக்கத்தில் பார்க்க வேண்டும்.

லேபிளை மறுபடி அச்சடிக்கும் ஒவ்வொரு முறையும் இதே வேலை கொஞ்சம் இருக்கிறது. ஆயுளை ஆறு மாதத்திலிருந்து நான்காகக் குறைத்தாலும், பேக்கிங்கை வில்லியனூரிலிருந்து கடலூர் முதுநகருக்கு மாற்றினாலும், எடையை 250-லிருந்து 200 ஆக்கினாலும் திரையில் பழையதுதான் நிற்கும், தளம் எந்த எச்சரிக்கையும் தராது. ஆயுளும் முகவரியும் மாறினால் அச்சுக்கூடத்துக்கு லேபிள் கோப்பை அனுப்பும் அன்றே டெம்ப்ளேட்டிலும் வரியைத் திருத்தி வைத்து, புதிய பாக்கெட் முதல் ஆர்டரில் போகும் நாளில் அதை ஏற்றிவிட வேண்டும். எடை மாறினால் அது வேறு பொருள். பழைய 250 கிராம் பக்கத்தில் எண்ணை மட்டும் மாற்றாமல், 200 கிராமுக்குப் புதிய பக்கம் போட வேண்டும். பழைய பாக்கெட்டுகள் தீரும்வரை இரண்டு பக்கமும் சேர்ந்தே இருக்கட்டும்.